வழவழப்பான எண்டோபிளாச வலை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரு செல்லுக்குள் சொரசொரப்பான வலை, வழவழப்பான வலை என்று இரண்டு உறுப்புகள் தனித்தனியாக இருக்கின்றனவா?

இல்லை. இருப்பது ஒரே சவ்வு. அது உட்கரு உறையின் வெளிச்சவ்வோடு தொடர்ச்சியாக இணைந்து, தட்டையான பைகளாகவும் கிளைத்த குழல்களாகவும் சைட்டோபிளாசம் முழுவதும் பரவுகிறது. உள்ளே இருக்கும் குழிவிடமும் ஒன்றுதான். உட்கரு உறையின் இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே உள்ள இடைவெளியிலிருந்து புறப்படும் ஒரு மூலக்கூறு, எந்தச் சவ்வையும் கடக்காமலேயே வழவழப்பான குழலின் கடைக்கோடி வரை சென்றுவிட முடியும். அந்தச் சவ்வின் சில பகுதிகளில் ரைபோசோம்கள் ஒட்டியிருக்கின்றன, சில பகுதிகளில் ஒட்டியிருக்கவில்லை. இதை வைத்துத்தான் பெயர்கள் பிரிந்தன.

1945இல் கீத் போர்ட்டர், ஆல்பர்ட் கிளாட், எர்னஸ்ட் ஃபுல்லம் ஆகியோர் கோழிக் கருவிலிருந்து வளர்த்த செல்களை எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தபோது கண்டதும் பின்னல் போன்ற ஒற்றை அமைப்பையே. செல்லை அரைத்து மையவிலக்கியில் சுழற்றினால் இந்த வலை அறுந்து, மைக்ரோசோம்கள் எனப்படும் சிறு குமிழ்களாக மாறுகிறது. ரைபோசோம் ஒட்டிய குமிழ்கள் கனமானவை என்பதால், சுக்ரோஸ் கரைசலின் அடர்த்திப் படிகளில் அவற்றை ஒட்டாதவற்றிலிருந்து பிரிக்க முடிகிறது. இரண்டையும் தனித்தனிக் குப்பிகளில் வைத்து ஆராயும் வசதி வந்த பிறகே, அவை இரண்டு உறுப்புகள் என்ற எண்ணம் மாணவர்களிடம் வலுப்பெற்றிருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். உயிருள்ள செல்லில் அப்படி ஒரு எல்லைக்கோடு கிடையாது.

அப்படியென்றால் ரைபோசோம் இருப்பதும் இல்லாததும் மட்டும்தான் வேறுபாடா?

அது கண்ணுக்குத் தெரியும் வேறுபாடு. வடிவத்திலும் உள்ளடக்கத்திலும் வேறு வேறுபாடுகள் உண்டு.

சொரசொரப்பான பகுதி பெரும்பாலும் அடுக்கடுக்கான தட்டைப் பைகளாக இருக்கும். வழவழப்பான பகுதி பெரும்பாலும் கிளைத்து இணையும் மெல்லிய குழல்களாக இருக்கும். ரெட்டிகுலான் போன்ற புரதங்கள் சவ்வின் வெளி அடுக்கில் ஆப்பு போலச் செருகிக்கொண்டு அதை வளைத்துக் குழலாக்குகின்றன.

புரதங்களைப் பொறுத்தவரை, சொரசொரப்பான பகுதியில் ரைபோசோமைப் பிடித்துக்கொள்ளும் ‘செக்61’ என்ற வாயிற்புரதம் செறிந்திருக்கிறது. உருவாகிக்கொண்டிருக்கும் புரதச் சங்கிலி அதன் வழியாக உள்ளே நுழைந்து, மடிந்து, சர்க்கரைக் கிளை சேர்க்கப்பட்டு, பிறகு கோல்கை உடலத்துக்குப் போகிறது. வழவழப்பான பகுதியில் என்ன புரதம் செறிந்திருக்கும் என்பதற்கு ஒரே விடை கிடையாது. கல்லீரலில் மருந்துகளை மாற்றும் நொதிகளும், விந்தகத்தின் லெய்டிக் செல்லில் ஸ்டீராய்டு நொதிகளும், தசையில் கால்சியம் ஏற்றும் பம்புகளும் செறிந்திருக்கின்றன. சொரசொரப்பான பகுதியின் வேலை எல்லாச் செல்களிலும் ஏறக்குறைய ஒன்றே. வழவழப்பான பகுதியோ ஒவ்வொரு செல்லிலும் ஒவ்வொரு வேலைக்காக வளர்க்கப்படுகிறது. பாடநூல் அட்டவணைகளில் விடுபட்டுப்போகும் வேறுபாடு இதுதான். என் பார்வையில் முதன்மையானதும் இதுதான்.

இன்னொன்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். வழவழப்பான பகுதியில் இருக்கும் நொதிகளும் புரதங்களே. அவை பெரும்பாலும் சொரசொரப்பான பகுதியின் ரைபோசோம்களில் தயாராகிச் சவ்வின் தளத்திலேயே நகர்ந்து வந்து சேர்ந்தவை. பிறந்த எலிக்குட்டியின் கல்லீரலை ஆராய்ந்தபோது, புதிய நொதிகள் முதலில் சொரசொரப்பான சவ்வில் தோன்றி, பிறகே வழவழப்பான சவ்வில் நிறைவதைக் கண்டார்கள்.

எந்தச் செல்லில் எது அதிகம்?

அளந்து பார்த்த இரண்டு செல்களை எடுத்துக்கொண்டால் விளங்கும். கணையத்தில் செரிமான நொதிகளைச் சுரக்கும் செல்லில், செல்லின் மொத்தச் சவ்வில் சுமார் 60 விழுக்காடு சொரசொரப்பான வலை. வழவழப்பானது 1 விழுக்காட்டுக்கும் குறைவு. கல்லீரல் செல்லில் சொரசொரப்பானது சுமார் 35 விழுக்காடு, வழவழப்பானது சுமார் 16 விழுக்காடு. செல்லைச் சூழ்ந்திருக்கும் பிளாஸ்மா சவ்வு அதே கல்லீரல் செல்லில் வெறும் 2 விழுக்காடுதான் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இந்த வலை எவ்வளவு பரந்தது என்பது புரியும்.

கணையச் செல் ஏற்றுமதி செய்வது புரதத்தை மட்டுமே. கல்லீரல் செல் அல்புமின் போன்ற இரத்தப் புரதங்களையும் ஏற்றுமதி செய்கிறது, கொழுப்பையும் கையாள்கிறது, மருந்தையும் மாற்றுகிறது. ஆகவே அதில் இரண்டு பகுதிகளும் தாராளமாக இருக்கின்றன. உடலின் பெரும்பாலான மற்றச் செல்களில் வழவழப்பான பகுதி மிகச் சிறியது.

கொழுப்பு அங்கே எப்படித் தயாராகிறது?

சவ்வுகளில் மிகுதியாக உள்ள பாஸ்ஃபாடிடைல்கோலின் என்ற பாஸ்ஃபோலிப்பிடை எடுத்துக்கொள்வோம். இதன் வழியை 1950களில் யூஜின் கென்னடியின் ஆய்வகம் கண்டறிந்தது.

மூலப்பொருள்கள் சைட்டோபிளாசத்தில் கிடைக்கின்றன. 16 கார்பன் நீளமுள்ள பால்மிடிக் அமிலம் வரை கொழுப்பு அமிலத்தைக் கட்டும் வேலை சைட்டோபிளாசத்தில் நடக்கிறது. அந்தச் சங்கிலியை மேலும் நீட்டுவதும், அதில் இரட்டைப் பிணைப்புகளை உண்டாக்குவதும் எண்டோபிளாச வலையின் நொதிகள். பிறகு சவ்வின் வெளிப்புறத்தில், அதாவது சைட்டோபிளாசத்தைப் பார்த்த முகத்தில், கிளிசரால்-3-பாஸ்ஃபேட்டோடு ஒரு கொழுப்பு அமிலச் சங்கிலி சேர்கிறது. அதன்பின் இரண்டாவது சேர்ந்து பாஸ்ஃபாடிடிக் அமிலம் உருவாகிறது. இரண்டு வால்கள் வந்துவிட்டதால் இந்த மூலக்கூறு நீரில் தங்க முடியாது, சவ்விலேயே பதிந்துவிடுகிறது. அடுத்து பாஸ்ஃபேட் நீக்கப்பட்டு டைஅசைல்கிளிசரால் கிடைக்கிறது.

இந்த இடத்தில் வழி இரண்டாகப் பிரிகிறது. கோலின் தலை சேர்ந்தால் அது சவ்வுக்கான பாஸ்ஃபோலிப்பிட். மூன்றாவது கொழுப்பு அமிலம் சேர்ந்தால் அது சேமிப்புக்கான டிரைகிளிசரைடு. டிரைகிளிசரைடுக்கு நீர் ஒட்டும் தலை இல்லாததால், சவ்வின் இரண்டு அடுக்குகளுக்கும் நடுவே சேர்ந்து, வீங்கி, பாஸ்ஃபோலிப்பிடின் ஓர் அடுக்கைப் போர்த்திக்கொண்டு கொழுப்புத் துளியாக வெளிப்புறம் மொட்டுவிடுகிறது. கல்லீரலில் கொழுப்பு சேர்கிறது என்று ஸ்கேன் அறிக்கையில் படிக்கிறோமே, அந்தத் துளிகள் பிறக்கும் இடம் இதுதான்.

ஒரு சிக்கல் உண்டு. புதிய பாஸ்ஃபோலிப்பிடுகள் எல்லாம் வெளி அடுக்கிலேயே சேர்ந்தால் சவ்வு ஒரு பக்கம் மட்டும் வளர்ந்துவிடும். அதைச் சரிசெய்ய, ஸ்கிராம்பிளேஸ் எனப்படும் புரதங்கள் மூலக்கூறுகளை இரண்டு அடுக்குகளுக்கும் இடையே மாற்றிப் போடுகின்றன. இவ்வாறு வளர்ந்த சவ்விலிருந்து கோல்கை வழியாகக் குமிழ்களாகவும், மைட்டோகாண்ட்ரியாவைத் தொட்டு நிற்கும் இடங்களில் கடத்துப் புரதங்கள் மூலமாகவும் கொழுப்பு மற்ற உறுப்புகளுக்குப் போய்ச் சேர்கிறது.

கொலஸ்டிராலும் அங்கேதான் உருவாகிறதா?

பெரும்பகுதி அங்கேதான். அதன் வேகத்தைத் தீர்மானிக்கும் எச்எம்ஜி-கோஏ ரிடக்டேஸ் என்ற நொதி எண்டோபிளாச வலையின் சவ்வில் பதிந்திருக்கிறது. ஸ்டாட்டின் வகை மாத்திரைகள் தடுப்பது இந்த நொதியைத்தான்.

இந்த நொதியை வைத்து 1982இல் மைக்கேல் பிரவுன், ஜோசஃப் கோல்ட்ஸ்டீன் ஆகியோரின் குழு காட்டிய ஒரு காட்சி எனக்கு மிகவும் பிடித்தது. சீன வெள்ளெலியின் சூற்பைச் செல்களை, ஸ்டாட்டின்களுக்கு முன்னோடியான காம்பாக்டின் கலந்த ஊடகத்தில் பழக்கி வளர்த்தார்கள். தடையை மீற, அந்தச் செல்கள் இந்த ஒரே நொதியைச் சுமார் 500 மடங்கு உற்பத்தி செய்தன. அவ்வளவு நொதிக்கும் பதிந்திருக்கச் சவ்வு வேண்டும் அல்லவா? செல்லுக்குள் வழவழப்பான குழல்கள் பெருகி, அறுகோண ஒழுங்கில் படிகம் போல அடுக்கிக்கொண்டன. ஊடகத்தில் கொலஸ்டிரால் கிடைக்கச் செய்ததும் நொதி குறைந்தது, அந்தக் குழல் அடுக்கும் மறைந்தது. சவ்வின் அளவைச் செல் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் வைத்துக்கொள்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை.

சொரசொரப்பான வலையில் கொழுப்பே உருவாகாது என்று எழுதலாமா?

எழுதக் கூடாது. பாஸ்ஃபோலிப்பிடை உண்டாக்கும் நொதிகள் இரண்டு பகுதிகளிலும் காணப்படுகின்றன. கணையச் செல்லில் வழவழப்பான வலை ஏறக்குறைய இல்லவே இல்லை என்று மேலே பார்த்தோம். ஆயினும் அந்தச் செல் தன் சவ்வுகளைத் தானே கட்டிக்கொள்கிறது. பெருமளவில் கொழுப்பையோ ஸ்டீராய்டையோ உண்டாக்கும் செல்களில் வழவழப்பான பகுதி விரிவடைகிறது என்று எழுதுவதே சரி.

ஸ்டீராய்டு ஹார்மோன்கள் முழுவதும் வழவழப்பான வலையிலேயே தயாராகின்றனவா?

பாதி வழிதான். லெய்டிக் செல்லில் டெஸ்டோஸ்டிரோன் உருவாவதற்கு, கொலஸ்டிரால் முதலில் மைட்டோகாண்ட்ரியாவின் உட்சவ்வுக்குப் போக வேண்டும். அங்கே அதன் பக்கச் சங்கிலி வெட்டப்பட்டு பிரெக்னெனோலோன் ஆகிறது. அது வழவழப்பான வலைக்குத் திரும்பி வந்து, அங்குள்ள நொதிகளால் அடுத்தடுத்து மாற்றப்பட்டு டெஸ்டோஸ்டிரோன் ஆகிறது. அட்ரீனல் சுரப்பியில் கார்ட்டிசோல் உருவாகும்போது கடைசிப் படிக்கு மறுபடியும் மைட்டோகாண்ட்ரியாவுக்குப் போக வேண்டியிருக்கிறது. அதனால்தான் இத்தகைய செல்களின் படங்களில் வழவழப்பான குழல்களும் மைட்டோகாண்ட்ரியாவும் நெருக்கமாகப் பின்னிக் கிடக்கின்றன.

நச்சு நீக்கம் என்கிறார்கள். செல்லுக்குள் உண்மையில் என்ன நடக்கிறது?

கொழுப்பில் கரையும் பொருளை நீரில் கரையும் பொருளாக மாற்றும் வேலை நடக்கிறது. கொழுப்பில் கரையும் மருந்து சிறுநீரகத்தில் வடிகட்டப்பட்டாலும், குழாய்களின் சவ்வு வழியாகத் திரும்ப இரத்தத்துக்குள் ஊறிவிடும். மாற்றாவிட்டால் அது உடலை விட்டு வெளியேறவே நெடுங்காலம் ஆகும்.

மாற்றம் பொதுவாக இரண்டு கட்டங்களில் நடக்கிறது. முதல் கட்டத்தில் சைட்டோகுரோம் பி-450 எனப்படும் நொதிகள் மருந்து மூலக்கூறில் ஓர் ஆக்சிஜன் அணுவைச் செருகுகின்றன.

```
RH + O₂ + NADPH + H⁺ → ROH + H₂O + NADP⁺
```

இதில் RH என்பது மருந்து, NADPH என்பது எலக்ட்ரான்களைத் தரும் மூலக்கூறு. ஆக்சிஜன் மூலக்கூறின் ஓர் அணு மருந்தில் சேர்கிறது, மற்றொன்று நீராகிறது. கார்பன் மோனாக்சைடு பிணைந்த நிலையில் இந்த நிறமி 450 நானோமீட்டர் ஒளியை உறிஞ்சுவதால் இப்பெயர். மனிதரில் இந்தக் குடும்பத்துக்கு 57 மரபணுக்கள் உள்ளன. அவற்றில் கல்லீரலில் உள்ள சிலவே மருந்துகளின் பெரும்பகுதியைக் கையாள்கின்றன. கொழுப்பில் கரையும் பொருள்கள் தாமாகவே சவ்வில் வந்து ஊறுகின்றன. நொதியும் அதே சவ்வில் நங்கூரமிட்டு நிற்கிறது. இந்த வேலை ஏன் சவ்வில் நடக்கிறது என்பதற்குக் காரணம் இதுதான்.

இரண்டாவது கட்டத்தில், புதிதாகக் கிடைத்த பிடிமானத்தில் குளூகுரோனிக் அமிலம் போன்ற நீர் விரும்பும் ஒரு பெரிய தொகுதி ஒட்டப்படுகிறது. குளூகுரோனிக் அமிலத்தை ஒட்டும் நொதியும் இதே வலையில் இருக்கிறது. அதன் வேலை செய்யும் பகுதி குழிவிடத்தின் உட்புறத்தைப் பார்த்திருக்கிறது. மஞ்சள் காமாலையோடு தொடர்புடைய பிலிருபினையும் இதே நொதிக் குடும்பத்தின் ஓர் உறுப்பினரே வெளியேற்றத்துக்குத் தயார் செய்கிறது.

ஒரு மருந்தைத் தொடர்ந்து சாப்பிட்டால் இந்த வலை பெருகும் என்பது உண்மையா?

உண்மை. இதற்கு அதிகம் ஆராயப்பட்ட மருந்து, வலிப்பு நோய்க்குத் தரப்படும் ஃபீனோபார்பிட்டால். 1960களின் முற்பகுதியில் ரெம்மர், மெர்க்கர் ஆகியோரும், பிறகு ஸ்டாக்ஹோமில் ஓரெனியஸ், எர்ன்ஸ்டர் ஆகியோரும் விலங்குகளுக்கு இந்த மருந்தைச் சில நாள்கள் கொடுத்துக் கல்லீரலைப் பார்த்தபோது, வழவழப்பான குழல்கள் சைட்டோபிளாசத்தை நிறைத்திருந்தன. மருந்தை மாற்றும் நொதிகளும் கூடவே உயர்ந்திருந்தன.

செல் மருந்தை எப்படி உணர்கிறது என்பது பிறகு தெளிவாயிற்று. கல்லீரல் செல்லின் சைட்டோபிளாசத்தில் ‘கார்’ என்ற ஏற்பிப் புரதம் காத்திருக்கிறது. ஃபீனோபார்பிட்டால் வந்ததும் அது உட்கருவுக்குள் நுழைந்து, டிஎன்ஏவில் உரிய இடத்தில் அமர்ந்து, பி-450 நொதிகளின் மரபணுக்களைத் தூண்டுகிறது. நொதிகள் சொரசொரப்பான பகுதியில் தயாராகின்றன. அவற்றைத் தாங்கப் புதிய சவ்வும் கட்டப்படுகிறது. கொழுப்பு உற்பத்தியும் நச்சு நீக்கமும் தனித்தனி அத்தியாயங்கள் அல்ல என்பது இங்கே தெரிகிறது, ஏனெனில் பாஸ்ஃபோலிப்பிட் உற்பத்தி கூடாமல் நொதிக்கு இடம் கிடைக்காது.

மருந்தை நிறுத்தினால் உபரிச் சவ்வு சில நாள்களில் குறைந்துவிடுகிறது. செல் அதைத் தன்விழுங்கல் முறையில் உறைக்குள் மூடி, லைசோசோமுக்கு அனுப்பிச் சிதைக்கிறது.

அப்படிப் பெருகுவது உடலுக்கு நல்லதுதானே?

சில சமயம் நல்லது, பல சமயம் தொல்லை. கிரிக்லர்-நஜ்ஜார் நோயின் இரண்டாம் வகையில் பிலிருபினை மாற்றும் நொதி மிகக் குறைவாக இருக்கும். ஃபீனோபார்பிட்டால் கொடுத்தால் மீதமுள்ள நொதி கூடி, பிலிருபின் அளவு இறங்குகிறது. முதல் வகையில் நொதி அறவே இல்லாததால் இம்மருந்து பலன் தருவதில்லை. இரண்டு வகைகளையும் வேறுபடுத்தி அறியவே இந்த எதிர்வினை பயன்படுகிறது.

தொல்லைக்கு எடுத்துக்காட்டு, காசநோய்க்குத் தரப்படும் ரிஃபாம்பிசின். அது வேறொரு ஏற்பியின் வழியாக பி-450 நொதிகளில் முக்கியமான 3ஏ4 வகையை வலுவாகத் தூண்டுகிறது. கருத்தடை மாத்திரையில் உள்ள ஹார்மோன்களையும் இந்த நொதியே சிதைக்கிறது. ஆகவே காசநோய் மருந்து சாப்பிடும் பெண் வழக்கமான கருத்தடை மாத்திரையையும் தவறாமல் சாப்பிட்டாலும், இரத்தத்தில் ஹார்மோன் போதிய அளவு நிலைக்காமல் கருத்தரிக்க நேரலாம். இந்தத் தூண்டல் ரிஃபாம்பிசினை நிறுத்திய அன்றே நீங்குவதில்லை. தேங்கிய நொதி சிதைந்து பழைய அளவுக்கு வர ஏறக்குறைய இரண்டு வாரம் ஆகிறது. எனவே மருந்து முடிந்த பிறகும் சில வாரங்களுக்கு வேறு பாதுகாப்பு முறையைத் தொடரச் சொல்கிறார்கள். காசநோய் இன்னும் பரவலாக உள்ள நம் நாட்டில் இதை மருத்துவரிடம் கட்டாயம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டும்.

நச்சை நீக்கும் இடத்திலேயே நச்சு உருவாகவும் முடியுமா?

முடியும். பாராசிட்டமால் இதற்கு நன்கு அறியப்பட்ட சான்று.

ஒருவர் 1 கிராம் பாராசிட்டமால் சாப்பிடுகிறார் என்று கொள்வோம். அதில் பெரும்பகுதி குளூகுரோனிக் அமிலமோ சல்ஃபேட்டோ ஒட்டப்பட்டுத் தீங்கில்லாமல் சிறுநீரில் போய்விடும். 5 முதல் 10 விழுக்காடு வரை, அதாவது 50 முதல் 100 மில்லிகிராம் அளவு, வழவழப்பான வலையின் பி-450 நொதிகளிடம் போகிறது. இவற்றில் முதன்மையானது 2இ1 என்ற வகை. இந்த நொதி பாராசிட்டமாலை வேகமாக வினைபுரியும் ஒரு பொருளாக மாற்றுகிறது. அதன் சுருக்கப் பெயர் நாப்கி. நாப்கி உருவானவுடன் குளூட்டாதயோன் என்ற சிறு மூலக்கூறு அதைப் பிடித்து முடக்கிவிடுகிறது. இதுவரை ஆபத்து இல்லை.

அளவு மிகும்போதுதான் கதை மாறுகிறது. சல்ஃபேட் வழி விரைவில் நிரம்பிவிடும். கூடுதல் பங்கு பி-450 வழியே திரும்பும். குளூட்டாதயோன் கையிருப்பு கரைந்து, வழக்கமான அளவில் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கியதும், முடக்கப்படாத நாப்கி செல்லின் புரதங்களோடு, முக்கியமாக மைட்டோகாண்ட்ரியாவின் புரதங்களோடு, பிணைந்து அவற்றைக் கெடுக்கிறது. கல்லீரல் மடலில் மத்தியச் சிரையைச் சூழ்ந்த செல்களே முதலில் சாகின்றன. பி-450 நொதிகள் அங்கேயே மிகுதி, குளூட்டாதயோன் அங்கே குறைவு. நீண்ட நாள் மது அருந்துபவரிடம் 2இ1 நொதி ஏற்கெனவே தூண்டப்பட்டிருக்கும், குளூட்டாதயோனும் குறைந்திருக்கும். அதனால் அவருக்கு ஆபத்து கூடுதல்.

ஏமாற்றக்கூடியது என்னவென்றால், முதல் நாள் குமட்டலைத் தவிர எதுவும் தெரியாமல் போகலாம். கல்லீரல் நொதிகள் இரத்தத்தில் ஏறுவது ஒரு நாளுக்குப் பிறகே தெளிவாகத் தெரியும். ஆகவே நோயாளி நன்றாக இருக்கிறார் என்று காத்திருக்காமல் இரத்தத்தில் பாராசிட்டமால் அளவைப் பார்த்து முடிவெடுக்கிறார்கள். மாற்று மருந்தான அசிட்டைல்சிஸ்டீன், குளூட்டாதயோனை மறுபடி உண்டாக்க மூலப்பொருள் தருகிறது. மருந்து உட்கொண்ட 8 மணி நேரத்துக்குள் தொடங்கினால் அது கல்லீரலை ஏறக்குறைய முழுமையாகக் காப்பாற்றுகிறது.

கால்சியத்தை ஏன் தனியே பூட்டி வைக்க வேண்டும்?

சைட்டோபிளாசத்தில் கால்சியம் அயனி ஒரு செய்தி. செய்தி தெளிவாகக் கேட்க வேண்டுமானால் மற்ற நேரத்தில் அமைதி நிலவ வேண்டும். ஓய்விலிருக்கும் செல்லின் சைட்டோபிளாசத்தில் தனி அயனியாக உள்ள கால்சியம் லிட்டருக்குச் சுமார் 0.1 மைக்ரோமோல். எண்டோபிளாச வலையின் உள்ளே அது சில நூறு மைக்ரோமோல், அதாவது ஆயிரம் மடங்குக்கும் மேல். இந்த வேறுபாட்டை நிலைநிறுத்துவது ‘செர்க்கா’ என்ற பம்பு. ஓர் ஏடிபி மூலக்கூறைச் செலவழித்து இரண்டு கால்சியம் அயனிகளை உள்ளே ஏற்றுகிறது. இத்தனையையும் சேர்த்து வைக்கக் கால்சியத்தைப் பிணைக்கும் புரதங்கள் உள்ளே இருக்கின்றன. தசையில் உள்ள கால்சிக்வெஸ்ட்ரின் என்ற புரதத்தின் ஒரு மூலக்கூறு 40க்கும் மேற்பட்ட அயனிகளைத் தளர்வாகப் பிடித்து வைத்துக்கொள்ளும். தளர்வாக இருப்பதால் வாயில் திறந்த கணத்தில் விட்டுவிடவும் செய்யும்.

தசையில் அது எப்படி வேலை செய்கிறது?

தசையிலுள்ள வழவழப்பான வலைக்கு சார்கோபிளாச வலை என்று தனிப்பெயர் உண்டு. அது ஒவ்வொரு தசை நுண்ணிழையையும் உறை போலச் சூழ்கிறது. செல்லின் வெளிச்சவ்வு ஆங்காங்கே குழாயாக உள்ளே புகுந்து, சார்கோபிளாச வலையின் பருத்த முனைகள் இரண்டுக்கு நடுவே வந்து நிற்கிறது. எலும்புத் தசையின் நீள்வெட்டுப் படத்தில் நடுவில் ஒரு மெல்லிய வளையமும் இருபுறமும் இரண்டு பைகளுமாகத் தெரியும் அந்த மும்மை அமைப்பைக் கண்டால், கால்சியம் வெளிவரும் வாயிலையே பார்க்கிறோம் என்று பொருள்.

நரம்பிலிருந்து வந்த மின் அலை அந்தக் குழாய் வழியாக உள்ளே இறங்குகிறது. குழாய்ச் சவ்விலுள்ள மின்னழுத்த உணர் புரதம் தன் வடிவத்தை மாற்றி, எதிரே வலையின் சவ்வில் கால்சியம் வாயிலாக இருக்கும் ரையனோடின் ஏற்பியை நேரடியாக இழுத்துத் திறக்கிறது. கால்சியம் பாய்ந்து வெளியேறி, சைட்டோபிளாசத்தில் அதன் செறிவு பத்து மடங்குக்கும் மேல் உயர்கிறது. அது தசை நுண்ணிழையிலுள்ள ட்ரோபோனின் என்ற புரதத்தோடு சேர்ந்ததும் தசை சுருங்குகிறது. அலை நின்றதும் வாயில் மூடிக்கொள்ள, செர்க்கா பம்புகள் கால்சியத்தை மறுபடி உள்ளே ஏற்றித் தசையைத் தளர்த்துகின்றன. சுருங்குவதற்கு மட்டுமல்ல, தளர்வதற்கும் ஏடிபி தேவை என்பதை மாணவர்கள் அடிக்கடி மறந்துவிடுகிறார்கள். இதயத் தசையில் வாயில் நேரடியாக இழுக்கப்படுவதில்லை. வெளியிலிருந்து நுழையும் சிறிதளவு கால்சியமே உள்ளிருக்கும் பெருமளவு கால்சியத்தை விடுவிக்கிறது.

இந்த வாயில் மூடாமல் போனால் என்ன ஆகும்?

சிலருக்கு எலும்புத் தசையின் ரையனோடின் ஏற்பியில் பிறவிப் பிழை இருக்கும். அன்றாட வாழ்வில் பெரும்பாலும் எதுவும் தெரியாது. அறுவை சிகிச்சையின்போது ஹாலோதேன் வகை மயக்க வாயுவோ தசையைத் தளர்த்தத் தரப்படும் சக்சினைல்கோலினோ கொடுத்தால் வாயில் திறந்தபடியே நிற்கிறது. கால்சியம் வெளியே கொட்டிக்கொண்டே இருக்க, பம்புகள் அதைத் திரும்ப ஏற்ற ஓயாமல் ஏடிபியை எரிக்கின்றன. தசை விறைக்கிறது, வளர்சிதை மாற்றம் கட்டுக்கடங்காமல் ஏறுகிறது. வீரியமிகு மிகைவெப்பம் என்று இதைச் சொல்லலாம். 1960இல் ஆஸ்திரேலியாவில் டென்பரோ, லவல் ஆகியோர் ஒரு குடும்பத்தில் இதைக் கண்டு எழுதினார்கள்.

பெயரில் வெப்பம் இருந்தாலும், உடல் சூடேறுவது சற்றுப் பிந்தியே தெரியலாம். மயக்க மருத்துவர் முதலில் கவனிப்பது, நோயாளி வெளிவிடும் மூச்சில் காரணமின்றி ஏறும் கார்பன் டைஆக்சைடும், இறுகிய தாடையும்தான். தூண்டிய மருந்தை உடனே நிறுத்தி, ரையனோடின் ஏற்பியில் அமர்ந்து வாயிலை அடக்கும் டான்ட்ரோலீனை ஏற்றுகிறார்கள்.

தசை அல்லாத செல்களில் கால்சியம் எப்படி வெளிவருகிறது?

பெரும்பாலும் ஐபி3 என்ற சிறு மூலக்கூறின் மூலம். ஹார்மோன் செல்லின் வெளிச்சவ்வைத் தட்டியதும் அங்குள்ள ஒரு லிப்பிடிலிருந்து ஐபி3 வெட்டப்பட்டு, சைட்டோபிளாசத்தில் பரவி, வலையிலுள்ள தன் வாயிலைத் திறக்கிறது. 1983இல் கணையச் செல்களைக் கொண்டே இதை நிறுவினார்கள். வழவழப்பான வலை மிகக் குறைந்த அதே கணையச் செல்தான். ஆகக் கால்சியத்தைச் சேமிப்பது வழவழப்பான பகுதிக்கு மட்டும் உரிய வேலை அல்ல. தசையில் அந்த வேலைக்கென்றே அது தனியாக வளர்ந்திருக்கிறது என்பதே பொருத்தமான கூற்று.

சேமித்த கால்சியம் தீர்ந்துபோனால் சொரசொரப்பான வலையின் புரத உற்பத்தி பாதிக்கப்படுமா?

பாதிக்கப்படும். குழிவிடம் ஒன்றே என்று தொடக்கத்தில் சொன்னதன் விளைவு இது. உள்ளே புரதங்களை மடிக்க உதவும் கால்ரெட்டிகுலின் போன்ற துணைப் புரதங்கள் கால்சியத்தைப் பிணைப்பவை. அது குறைந்தால் அவற்றின் வேலை கெடுகிறது.

ஆய்வகத்தில் இதைத் தாப்சிகார்ஜின் என்ற தாவரப் பொருளால் காட்டலாம். அது செர்க்கா பம்பை அடைத்துவிடுகிறது. பம்பு நின்றதும் வலையில் எப்போதும் நிகழும் சிறு கசிவு ஈடுசெய்யப்படாமல் சேமிப்பு சில நிமிடங்களில் வடிந்துவிடும். சவ்விலுள்ள ‘ஸ்டிம்1’ என்ற புரதம் இந்த வறட்சியை உணர்ந்து, வெளிச்சவ்வின் கால்சியம் வாயிலைத் திறக்கச் செய்கிறது. ஆனால் பம்பு அடைபட்டிருப்பதால், சைட்டோபிளாசத்துக்குள் வந்த கால்சியம் வலைக்குள் ஏற முடிவதில்லை. மடியாத புரதங்கள் உள்ளே சேரச் சேர, செல் புரத உற்பத்தியைக் குறைத்து, மடிக்கும் துணைப் புரதங்களைக் கூட்டி, வலையின் சவ்வையும் பெருக்கி ஈடுகட்டப் பார்க்கிறது. சில மணி நேரத்துக்குப் பின்னும் நிலை சீராகாவிட்டால், அதே எச்சரிக்கைப் பாதைகள் செல்லைத் தன்னழிவுக்கு இட்டுச் செல்கின்றன.